செடி, பறவை, நட்சத்திரம்: ஆப் சொல்லும் பெயரை எவ்வளவு நம்பலாம்? புனே பெற்றோருக்கு ஒரு கையேடு

ஞாயிற்றுக்கிழமை காலை வேதாள் டெக்டியில் ஏறினால், கையில் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் ஒரு குழந்தையுமாக நடக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். மராத்தியில் டெக்டி என்றால் குன்று. புனே நகருக்குள் இருக்கும் மிக உயரமான இடம் இதுதான். பாஷாண் பக்கமிருந்தும் ஏறலாம், லா காலேஜ் ரோடு பக்கமிருந்தும் ஏறலாம். பத்து நிமிடம் நடப்பதற்குள் குழந்தை கேட்கும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். "இது என்ன செடிப்பா? அது என்ன சத்தம்மா?" ஐ.டி. வேலைக்காக சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர்களுக்கு இங்கே இருக்கும் செடி, பறவையின் மராத்திப் பெயரும் தெரியாது, பல சமயம் தமிழ்ப் பெயரும் தெரியாது. போனை எடுக்கிறோம். இரண்டு நொடியில் ஒரு பெயர் வந்துவிடுகிறது.

அந்தப் பெயர் சரிதானா என்பதுதான் கேள்வி. செடிக்கு, பறவைக்கு, நட்சத்திரத்துக்கு என்று நாம் வைத்திருக்கும் ஆப்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. செடி ஆப் படத்தைப் பார்க்கிறது. பறவை ஆப் சத்தத்தைக் கேட்டு, நீங்கள் இருக்கும் ஊரையும் தேதியையும் வைத்து வடிகட்டுகிறது. நட்சத்திர ஆப் வானத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால் மூன்றும் மூன்று விதமாகத் தப்பு செய்யும். எப்படித் தப்பு செய்யும் என்று தெரிந்தால், கண்டுபிடிப்பதும் சுலபம்.

எல்லாவற்றுக்கும் ஆப் தேடி போனை நிரப்ப வேண்டாம். ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மூன்று பெயர்களைத் தேடுங்கள்: Seek, Merlin Bird ID, Stellarium. முதல் இரண்டும் முழுக்க இலவசம். மூன்றாவதில் காசு கொடுக்கும் வசதிகள் உண்டு, வீட்டுத் தேவைக்கு இலவசப் பகுதியே போதும்.

செடி: ஏழு புள்ளிகளைக் கவனியுங்கள்

சீக் ஆப்பை உருவாக்கியது ஐநேச்சுரலிஸ்ட் குழு. உலகம் முழுக்க ஆர்வலர்கள் எடுத்துப் பதிவேற்றி, மற்றவர்கள் பெயர் சரிபார்த்த படங்களை வைத்து இதன் கணினி மாதிரி பயிற்சி பெற்றிருக்கிறது. குழந்தைகளுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கணக்கு தொடங்கத் தேவையில்லை, பெயர், மெயில் எதுவும் கேட்காது. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

கேமராவைச் செடி மேல் காட்டினால், திரையில் ஏழு புள்ளிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். தாவரம் என்ற பெரிய பிரிவில் தொடங்கி, குடும்பம், பேரினம் என்று இறங்கி, கடைசிப் புள்ளி நிரம்பினால்தான் 'இந்தச் செடி இதுதான்' என்று அர்த்தம். ஐந்தாவது புள்ளியில் நின்றுவிட்டால், "இது எந்தக் குடும்பம் என்று தெரிகிறது, அதற்கு மேல் சொல்ல முடியவில்லை" என்று ஆப் ஒப்புக்கொள்கிறது. இந்த நேர்மைக்காகவே கூகுள் லென்ஸைவிட இதை நான் விரும்புவேன். லென்ஸ் இணையத்தில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டு ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிடும், கூடவே அதே செடியை விற்கும் நர்சரியின் லிங்க்கும் வரும்.

பழகுவதற்கு நல்ல செடி ஒன்று புனேயின் எல்லாத் தெருவோரத்திலும் இருக்கிறது: பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தக் களை இந்தியாவில் முதன்முதலில் கவனிக்கப்பட்டதே 1950-களின் நடுவில், இதே புனேயில்தான். இங்கே 'காங்கிரஸ் கவத்' என்பார்கள், 'காஜர் கவத்' என்றும் சொல்வார்கள். காஜர் என்றால் கேரட், கவத் என்றால் புல். ஏன் கேரட்? பூக்காத இளம் செடியின் இலை அச்சு அசல் கேரட் இலை மாதிரியே பிளவுபட்டு, தரையோடு ஒட்டி விரிந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப்புக்கு வரும் அடிப்படைச் சிக்கலும் இதுதான். இலை மட்டும் இருக்கும்போது பல செடிகள் ஒன்றுபோலத் தெரியும். பூ வந்ததும் வேறுபாடு தெளிவாகிவிடும்.

எனவே ஒரே செடியை மூன்று விதமாகக் காட்டிப் பாருங்கள். முதலில் ஒரு தனி இலை, ஃப்ரேமை நிரப்பும்படி. பின்னால் உள்ளங்கையையோ ஒரு வெள்ளைத் தாளையோ பிடித்தால் பக்கத்துச் செடிகள் குழப்பாது. பார்த்தீனியம் என்று சந்தேகம் இருந்தால் கையை வைக்காமல் தாளையே வையுங்கள், இந்தச் செடி பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், பூந்துகள் மூக்கைப் பாதிக்கும். அடுத்து, இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்று தெரியும் படம். மூன்றாவது, பூ அல்லது காய். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் நம்பலாம். பெயர் மாறி மாறி வந்தால், ஏழாவது புள்ளியை மறந்துவிட்டு ஆறாவது புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொட்டிச்செடி, சொசைட்டி தோட்டத்தில் நட்ட கலப்பினங்கள் விஷயத்தில் சீக் கொஞ்சம் திணறும். அதற்கு Pl@ntNet என்ற பிரெஞ்சு ஆப் பரவாயில்லை. இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்டுவிட்டுத் தேடும், ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கவும் விடும்.

'சாப்பிடலாமா?' என்ற கேள்விக்கு ஆப்பில் பதில் இல்லை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சிங்கட் போன்ற மலைச்சரிவுகளில் ஏறுபவர்கள் ஒரு பழகிய பூவைப் பார்க்கலாம். சிவப்பும் மஞ்சளுமாக, தீ நாக்குகள் மேல்நோக்கி எரிவதுபோல இதழ்கள். நம்ம ஊர் செங்காந்தள்தான், தமிழ்நாட்டின் மாநில மலர். மராத்தியில் 'களலாவி'. குழந்தைக்கு அடையாளம் சொல்ல இதைவிட நல்ல செடி கிடைக்காது. பூ இல்லாதபோதுகூட இலையின் நுனி நீண்டு, சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறும் செடிகள் அதிகம் இல்லை.

ஆனால் இதன் எல்லாப் பாகமும் விஷம். குறிப்பாகக் கிழங்கும் விதையும். கண்வலிக்கிழங்கு என்று கொங்குப் பகுதியில் வயல்களில் இதைப் பயிரிடுவதே விதையில் இருக்கும் கோல்சிசின் என்ற மருந்துப்பொருளுக்காகத்தான். அளவு மீறினால் அதுவே உயிரை எடுக்கும். தோண்டி எடுத்த கிழங்கில் பூவும் இல்லை, இலை நுனியும் இல்லை. சாப்பிடக்கூடிய கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு விபரீதமான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஆப்புக்கு இந்த இடத்தில் என்ன எல்லை என்று பாருங்கள். பூத்த செங்காந்தளை அது தவறவிடுவது கடினம். கிழங்கை மட்டும் காட்டினால், அல்லது பூக்காத இளம் கொடியை மேலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தால், அதன் பதில் ஒரு ஊகம்தான். புனேயில் ஆடி, ஆவணி வந்தால் 'ரான்பாஜி' என்ற காட்டுக்கீரைகள் சந்தைக்கு வரும். நல்ல ருசி. அவற்றைப் பல வருடமாகப் பறித்து விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். ஆப்பைப் பார்த்து டெக்டியில் பறிக்காதீர்கள்.

பசங்களுக்கு விதி ஒன்று போதும்: ஆப் பெயர் சொல்லும், வாயில் வைக்கலாமா என்று சொல்லாது. ஏதாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆப்பைத் திறந்து நேரம் கடத்த வேண்டாம். மிச்சமிருக்கும் இலையையோ காயையோ ஒரு கவரில் போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பறவை: காதும் கண்ணும் ஒத்துப்போகிறதா?

மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்டது. கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையிலேயே இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் நெட் தேவையில்லை. இதில் பெயர் கண்டுபிடிக்க மூன்று வழிகள்: சத்தத்தைப் பதிவுசெய்வது, படம் கொடுப்பது, சில கேள்விகளுக்குப் பதில் சொல்வது.

சத்த வழிதான் எல்லோருக்கும் பிடித்தது. ஆப், கேட்கும் ஒலியை ஒரு படமாக மாற்றுகிறது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. குயில் கூவினால் மேலேறும் கோடுகள் தெரியும். அந்தப் படத்தைத் தான் கற்றுவைத்திருக்கும் பறவைகளின் ஒலிப்படங்களோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்கிறது. திரையில் ஓடும் இந்தப் படத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தக் கோடு என்று அவர்களே பிடித்துவிடுவார்கள்.

முதல் பறவையாகக் குக்குறுவானைத் தேடலாம். டுக்... டுக்... டுக்... என்று, யாரோ பாத்திரத்தைத் தட்டுவதுபோல, இடைவெளி மாறாமல் வரும். உருவம் சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. மராத்தியில் இதன் பெயர் 'தாம்பட்'. செப்புப் பாத்திரம் அடிப்பவர்களுக்கும் அதே பெயர்தான். புனேயின் கஸ்பா பேட்டில் 'தாம்பட் ஆளி' என்று செப்புக் கொல்லர்களின் தெருவே இருக்கிறது. காலையில் பறவையின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இன்னொரு நாள் அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சுத்தியல் சத்தத்தையும் கேட்க வைத்தால், பெயருக்குக் காரணம் சொல்லவே வேண்டாம்.

பதிவு செய்யும்போது நின்றுகொண்டு, போனின் மைக் பறவையின் பக்கம் இருக்கும்படி பிடித்து, அரை நிமிடம் எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் குழந்தையோடு போகும்போது கடினமான பகுதி. காற்று பலமாக அடித்தாலும், சாலை பக்கத்தில் இருந்தாலும் முடிவு மோசமாகும்.

இனி, தப்பு எங்கே வரும்? டெக்டியில் கேட்கக்கூடிய மூன்று பறவைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி நமக்குத் தெரிந்ததுதான். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பறவை, வால் கவட்டை மாதிரி பிரிந்திருக்கும். இது மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பேசும். குறிப்பாக வைரி என்ற சிறு பருந்தின் குரலை அப்படியே எழுப்பும். காதை மட்டும் நம்பும் ஆப், திரையில் வைரி என்று காட்டிவிடலாம். நிமிர்ந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பது கறுப்புக் கரிச்சான். இங்கே கண் ஜெயிக்கிறது.

அடுத்தது இதற்கு நேர் எதிர். அக்காக்குயில் என்ற பறவை. கோடையின் இறுதியிலிருந்து மழைக்காலம் வரை, மூன்று அசைகளாக, ஒவ்வொரு முறையும் சுருதி ஏறிக்கொண்டே போய்க் கத்தும். மராத்தி விவசாயிகள் காதுக்கு அது "பேர்தே வ்ஹா" என்று கேட்கிறது. "விதைக்கக் கிளம்புங்க" என்று பொருள். பறவைக்கே 'பாவ்ஷா' என்று மழையை ஒட்டிப் பெயர். இந்தக் குயில் பார்ப்பதற்கு வைரியைப் போலவே இருக்கும்: சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், பறக்கும் விதம்கூட அப்படியே. தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தைக் கொடுத்தால் ஆப் மட்டுமல்ல, மனிதர்களும் ஏமாறுவார்கள். ஆனால் அது வாயைத் திறந்தால் சந்தேகமே இல்லை. இங்கே காது ஜெயிக்கிறது.

ஆக, கரிச்சான் குரலால் வைரியாகிறது, அக்காக்குயில் உருவத்தால் வைரியாகிறது. இரண்டு வழியிலும் ஒரே பெயர் வந்தால் மட்டும் நோட்டில் எழுதலாம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பெரும்பாலான தப்புகள் வடிகட்டப்பட்டுவிடும்.

இன்னொரு தப்பு இடத்தால் வருவது. மெர்லின், நீங்கள் இருக்கும் இடத்தையும் தேதியையும் பார்த்து, அந்த நேரத்தில் அங்கே இருக்க வாய்ப்புள்ள பறவைகளுக்கு முன்னுரிமை தரும். இந்தத் தகவல், ஆர்வலர்கள் இ-பேர்டு தளத்தில் போடும் பட்டியல்களிலிருந்து வருகிறது. லொகேஷனை அணைத்து வைத்திருந்தாலோ, போன மாதம் ஊருக்குப் போனபோது வைத்த 'சென்னை' அப்படியே இருந்தாலோ, வடிகட்டுதல் தவறாகிவிடும். பெயருக்குப் பக்கத்தில் 'அரிது' என்ற சிவப்புக் குறி வந்தால் குதிக்க வேண்டாம். முதலில் இடத்தையும் தேதியையும் சரிபாருங்கள், பிறகு பறவையைக் கண்ணால் தேடுங்கள். பத்தில் ஒன்பது முறை அது அரிய பறவையாக இருக்காது என்பது என் கணிப்பு.

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு, சத்த வழியைவிடக் கேள்வி வழியே நல்லது என்று நினைக்கிறேன். எங்கே பார்த்தாய், எப்போது, எவ்வளவு பெரிது, என்ன நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவுதான் ஆப் கேட்கும். பதில் சொல்வதற்காகவே குழந்தை பறவையை முழுதாகப் பார்க்கும். பிறகு வரும் படங்களில் எது என்று தேர்ந்தெடுப்பதும் அவர்களே. குயிலை இப்படித் தேடினால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது: கூவும் ஆண்தான் கறுப்பு. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு வேறு பறவை போல இருக்கும், "கிக்-கிக்-கிக்" என்று வேறு மாதிரி கத்தும்.

செய்யக்கூடாதது ஒன்று. ஆப்பில் இருக்கும் பறவைக் குரலைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைப்பது. தன் இடத்துக்குப் போட்டியாக இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு அலையும். குரலை ஒப்பிட வேண்டுமென்றால் ஹெட்போனில் கேளுங்கள்.

பதிவேற்றும் முன்: குழந்தையின் இடம் யாருக்குத் தெரிகிறது?

சீக்கில் எடுக்கும் படங்கள் நீங்களாகப் பகிராதவரை போனிலேயே இருக்கும். மெர்லின் ஒலிப்பதிவும் அப்படித்தான். ஆனால் அந்த ஒலிப்பதிவில் குழந்தையின் பேச்சும் சேர்ந்திருக்கும், நண்பர்களுக்கு அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

செடியின் பெயர் உறுதியாக வேண்டும் என்றால் ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிவேற்றலாம். அங்கே பெயர் சொல்பவர்கள் மனிதர்கள். படமும், தேதியும், இடமும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தரமாகிறது. ஆப் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள இதுவே உருப்படியான வழி. கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், குழந்தையின் பெயரில் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது இடம். உங்கள் சொசைட்டி தோட்டத்தில் எடுத்த பத்து பூப்படங்கள், உங்கள் வீடு எங்கே என்று வரைபடத்தில் துல்லியமாகக் குறித்துவிடும். பதிவேற்றும்போது Geoprivacy என்ற இடத்தில் Open என்று இருப்பதை Obscured என்று மாற்றுங்கள். அப்போது உண்மையான புள்ளிக்குப் பதிலாக, சுமார் 20 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். டெக்டியில் எடுத்த படத்துக்கு இது தேவையில்லை. வீடு, பள்ளி, டே கேர் பக்கத்தில் எடுத்தவற்றுக்கு அவசியம்.

நட்சத்திரம்: வானத்தைப் பார்க்காத ஆப்

ஸ்டெல்லேரியத்தைத் திறந்து வானத்தை நோக்கிப் பிடித்தால், அங்கே இருக்கும் நட்சத்திரங்களின் பெயர்கள் வருகின்றன. கேமரா பார்த்துச் சொல்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படியே போனை வீட்டுக்குள், சீலிங் ஃபேனை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் நட்சத்திரங்கள் தெரியும். ஆப்பில் தரைக்காட்சியை அணைத்துவிட்டுத் தரையை நோக்கிப் பிடித்தால் பூமிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதுகூடத் தெரியும். இந்தச் சோதனையைக் குழந்தையோடு செய்து, "அது எப்படி?" என்று கேளுங்கள்.

ஆப் செய்வது கணக்கு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது ஜி.பி.எஸ்ஸில் இருந்தும், மணி என்ன என்பது கடிகாரத்தில் இருந்தும் கிடைக்கிறது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. இதில் தப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு. தப்பு வருவது, போன் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதில். அதற்குப் போனுக்குள் இருக்கும் ஒரு சின்னக் காந்தமானியை நம்ப வேண்டியிருக்கிறது. பால்கனியின் இரும்புக் கம்பி, காரின் பானெட், காந்தம் வைத்த போன் கவர், எல்லாம் அதைக் குழப்பும். அப்போது எல்லா நட்சத்திரமும் சரியான உயரத்தில், தப்பான திசையில் இருக்கும். நீங்கள் பார்க்கும் நட்சத்திரத்துக்குப் பக்கத்து நட்சத்திரத்தின் பெயர் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் பாருங்கள். நிலா இருந்தால் நிலா. திரையில் இருக்கும் நிலாவும் வானத்து நிலாவும் ஒரே இடத்தில் இருந்தால் சரி. தள்ளி இருந்தால், கவரைக் கழற்றிவிட்டு, கம்பியை விட்டு நகர்ந்து, போனைக் காற்றில் 8 போடுவதுபோல சில முறை சுழற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் சென்சாரை அணைத்துவிட்டு, வரைபடத்தை விரலால் நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம். திரையைச் சிவப்பாக்கும் இரவு மோடை மறக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும், ஒரு வெள்ளைத் திரை அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

ஆப் சொல்லும் பெயர்கள் அரபியிலும் லத்தீனிலும் இருக்கும். ஆனால் அவற்றில் பல நம் வீட்டுப் பெயர்கள்தான். ஓரியனின் தோளில் சிவப்பாக மின்னும் பீட்டல்ஜூஸை நாம் திருவாதிரை என்கிறோம். ஆல்டெபரான் ரோகிணி. பிளையடீஸ் கார்த்திகை. ஸ்பைகா சித்திரை, அன்டாரிஸ் கேட்டை, ரெகுலஸ் மகம். பாட்டி போனில் "உன் நட்சத்திரம் ரோகிணிடா" என்று சொல்லியிருந்தால், ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதை வானத்தில் காட்டலாம்.

போனை நம்பாமல் கையாலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு, அது புனேக்காரர்களுக்கு மிகவும் வசதியானது. கையை முழுதாக நீட்டி, முஷ்டியை மடக்கி ஒரு கண்ணால் பார்த்தால், முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. குழந்தைக்குக் கை குட்டை, முஷ்டியும் சின்னது, அதனால் அவர்களுக்கும் ஏறத்தாழ அதே 10 பாகைதான். துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் நிற்கும் ஊரின் அட்சரேகை. புனேயின் அட்சரேகை சுமார் 18.5 பாகை. அப்படியென்றால் முஷ்டி மேல் முஷ்டி வைத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பலர் நினைப்பதுபோல இது பிரகாசமான நட்சத்திரம் இல்லை. புனேயின் வெளிச்சத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது அப்படியே திரும்பித் தெற்கே பாருங்கள். பிப்ரவரி நடுவில், இரவு 9 மணி தாண்டியதும், தென்திசையில் மிகப் பிரகாசமாக ஒன்று தனியாக நிற்கும். ஆப்பில் கனோபஸ் என்று இருக்கும். அகத்தியர் நட்சத்திரம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமானது. சிரியஸும் அதே நேரத்தில் அதற்கு மேலே உயரத்தில் இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். கனோபஸ் வான நடுக்கோட்டிலிருந்து தெற்கே 52.7 பாகை தள்ளி இருக்கிறது. 90-இல் இருந்து 52.7-ஐயும் புனேயின் 18.5-ஐயும் கழித்தால் 18.8. அதுதான் புனேயில் அது எட்டும் உச்ச உயரம்.

துருவ நட்சத்திரம் 18.5, அகத்தியர் 18.8. புனேயில் நின்றால், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், தராசின் இரண்டு தட்டு மாதிரி. இரண்டுக்கும் இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. ஆப் அகத்தியரை மூன்று முஷ்டி உயரத்தில் காட்டினால், லொகேஷன் வேறு ஊரில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். உயரம் சரியாக இருந்து, நட்சத்திரம் பக்கவாட்டில் தள்ளித் தெரிந்தால், பிரச்னை காந்தமானியில்.

புனேயில் இதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம், அப்போது செடிகளைப் பார்க்கலாம். தொலைநோக்கி வழியாகப் பார்க்க ஆசை வந்தால், 1944-இல் தொடங்கி இன்றும் இயங்கும் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்ற வானியல் ஆர்வலர் அமைப்பு திலக் ரோட்டில் இருக்கிறது. புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஐயூகா மையத்திலும் குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முஷ்டிக் கணக்கை அங்கேயும் போட்டுப் பார்க்கலாம். சென்னையின் அட்சரேகை சுமார் 13 பாகை. துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே இறங்கிவிடும், அடிவானப் புகையில் தெரியாமலும் போகலாம். அகத்தியர் 24 பாகைக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை முஷ்டிக்கு ஏறிவிடுவார். ஜனவரி நடுவில் அவர் உச்சிக்கு வருவது இரவு 11 மணி வாக்கில், குழந்தை அதுவரை விழித்திருந்தால்.